விடையிலிருந்து கேள்விக்கு: ஒத்துப்போவது எதைக் காட்டுகிறது?

மாணவர் கொடுத்த கட்டுரை சாட்ஜிபிடி எழுதியதுபோல் இருக்கிறது என்று சந்தேகம் வந்தால், பல ஆசிரியர்கள் செய்யும் முதல் சோதனை ஒன்றுதான். தாங்கள் கொடுத்த கேள்வியை அப்படியே அந்த மென்பொருளில் போட்டுப் பார்ப்பார்கள். வருகிற விடையும் மாணவரின் விடையும் ஒரே சாயலில் இருந்தால், சந்தேகம் ஊர்ஜிதமாகிவிட்டது என்று முடிவுகட்டுவார்கள். கேள்வி என்னவென்று தெரியாத இடங்களும் உண்டு. பத்திரிகைக்கு வந்த கட்டுரை, வேலைக்கு வந்த விண்ணப்பக் கடிதம், ஒரு கடையைப் புகழ்ந்து குவியும் மதிப்புரைகள் எல்லாம் அப்படிப்பட்டவை. அங்கே இன்னும் ஒரு படி பின்னால் போக வேண்டும். இந்த உரையை ஒரு இயந்திரம் எழுதியிருந்தால் அதற்கு என்ன ப்ராம்ப்ட் கொடுத்திருப்பார்கள் என்று முதலில் ஊகிக்க வேண்டும். பிறகு அந்த ஊகத்தை இயந்திரத்திடம் கொடுத்து, வருவதைச் சந்தேக உரையோடு ஒப்பிட வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கும் இந்த முறையில் ஒரு சுழல் ஒளிந்திருக்கிறது. ப்ராம்ப்ட்டை உரையிலிருந்து எடுக்கிறோம். எடுத்த ப்ராம்ப்ட்டிலிருந்து உரையை மீண்டும் உண்டாக்குகிறோம். இரண்டும் ஒத்துப்போகின்றன என்று சொல்கிறோம். நாமே உள்ளே வைத்ததை நாமே வெளியே எடுத்துவிட்டு ஆச்சரியப்படுகிறோமா, அல்லது உண்மையில் ஏதாவது கண்டுபிடித்தோமா? இந்தக் கேள்விக்கு ஆய்வுலகம் இதுவரை என்ன பதில் வைத்திருக்கிறது என்பதையும், ஒரு உரையைக் கையில் வைத்துக்கொண்டு சோதிப்பவர் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதையும் இந்தக் கட்டுரை பார்க்கிறது.

ப்ராம்ப்ட்டைத் தேடுவது எதற்கு?

ஒரு உரை இயந்திரம் எழுதியதா என்று சொல்லும் கருவிகளில் பெரும்பாலானவை ப்ராம்ப்ட்டைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. உரையின் ஒவ்வொரு சொல்லும் மொழி மாதிரிக்கு எவ்வளவு எதிர்பார்த்ததாக இருக்கிறது என்பதைத்தான் அவற்றில் பல அளக்கின்றன. மொழி மாதிரி அடுத்து வர வாய்ப்புள்ள சொல்லைத் தேர்ந்து தேர்ந்தே எழுதுகிறது. ஆகவே அது எழுதிய உரையில் வியப்பு குறைவாகவும், மனிதர் எழுதியதில் வியப்பு கூடுதலாகவும் இருக்கும் என்பது இதன் அடிப்படை.

இந்த அடிப்படை எங்கே இடிக்கிறது என்பதை 2024 ஜனவரியில் வெளிவந்த பைனாகுலர்ஸ் என்ற ஆய்வு ஒரு வேடிக்கையான உதாரணத்தால் காட்டியது. காபிபாரா என்பது தென்னமெரிக்காவில் வாழும், கினிப்பன்றிக்குப் பெரியண்ணன் போன்ற ஒரு கொறிவிலங்கு. வானியற்பியல் அறிஞராக இருக்கும் ஒரு காபிபாராவைப் பற்றிச் சில வரிகள் எழுதச் சொன்னால் மொழி மாதிரி தயங்காமல் எழுதிவிடும். ஆனால் ப்ராம்ப்ட்டை மறைத்துவிட்டு அந்த வரிகளை மட்டும் அளந்தால், காபிபாராவுக்குப் பக்கத்தில் வானியற்பியல் வருவது எந்த மாதிரிக்கும் பெரிய அதிர்ச்சிதான். வியப்பு கூடுகிறது, கருவி, மனிதர் எழுதியது என்று சொல்லிவிடுகிறது. ப்ராம்ப்ட்டைச் சேர்த்து அளந்தாலோ அந்த வரிகள் மிகச் சாதாரணமானவை. விசித்திரம் ப்ராம்ப்ட்டில் இருந்தது, எழுத்தில் இல்லை.

இதன் மறுபக்கமும் உண்மை. குறைந்த சொல்வளத்தோடு, கற்றுக்கொண்ட வாக்கிய அமைப்புகளில் எழுதுபவரின் உரையில் வியப்பு இயல்பாகவே குறைவு. 2023இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த வெய்ஷின் லியாங் உள்ளிட்டோர், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 61 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை இயந்திரம் எழுதியவை என்று தவறாக முத்திரை குத்தப்பட்டன. ஆங்கிலம் வழியாக மட்டுமே மதிப்பிடப்படும் நம் ஊர் மாணவர்களுக்கு இந்த எண் அந்நியமானதல்ல.

ஆகவே வியப்பைத் தனியாக அளப்பதைவிட, எந்தக் கேள்விக்கு விடையாக எழுதப்பட்டது என்பதைச் சேர்த்து அளப்பது நியாயமாகத் தோன்றுகிறது. பின்னோக்கிப் போகும் முறையின் ஈர்ப்பு அதுதான்.

பின்னோக்கிப் போனவர்கள் கண்டது

இந்தத் திசையில் நடந்த ஆய்வுகள் இரண்டு வகை. ஒன்று, ப்ராம்ப்ட்டையே மீட்க முயல்வது. மற்றொன்று, ப்ராம்ப்ட்டை ஊகித்தோ ஊகிக்காமலோ உரையை மீண்டும் எழுதவைத்து ஒப்பிடுவது.

முதல் வகையில் முக்கியமானது கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜான் மாரிஸும் உடனாளர்களும் 2023இல் செய்தது. லாமா-2 மாதிரியில் அவர்களால் 27 விழுக்காடு ப்ராம்ப்ட்டுகளைச் சொல்லுக்குச் சொல் அப்படியே மீட்க முடிந்தது. ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது வெறும் உரை அல்ல. அடுத்த சொல்லாக எது எவ்வளவு வாய்ப்போடு வரும் என்று மாதிரி தன் அகராதி முழுவதற்கும் போடும் கணக்கு அவர்கள் கையில் இருந்தது. மாணவரின் தாளில் அந்தக் கணக்கு இருக்காது. 2024இல் காலின் ஜாங், மாரிஸ், ஷ்மாட்டிகோவ் மூவரும் உரையை மட்டும் வைத்து ப்ராம்ப்ட்டை மீட்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதற்கு ஒரே ப்ராம்ப்ட்டிலிருந்து வந்த பல விடைகள் தேவைப்பட்டன. ஒரே கருத்தைச் சொல்லும் ப்ராம்ப்ட் கிடைத்தது. அதே சொற்கள் கிடைப்பது அரிது.

இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் சோதிப்பவருக்கு ஒரு செய்தி இருக்கிறது. கையில் ஒரே ஒரு உரை, அதுவும் யாரோ திருத்தியிருக்கக்கூடிய உரை, இருக்கும்போது உண்மையான ப்ராம்ப்ட்டைக் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்கக்கூடியது, அந்த உரைக்குப் பொருந்தும் பல ப்ராம்ப்ட்டுகளில் ஒன்றை மட்டுமே.

அப்படிக் கிடைத்ததன் பொருத்தத்தை எண்ணாக மாற்றுவதிலும் ஆபத்து உண்டு. 2024இல் கேகிள் தளத்தில் ஒரு போட்டி நடந்தது. மூல உரையும், கூகிளின் ஜெம்மா மாதிரி அதை மாற்றி எழுதிய உரையும் தரப்பட்டன. எந்த ப்ராம்ப்ட்டால் மாற்றப்பட்டது என்று ஊகிக்க வேண்டும். ஊகமும் உண்மையும் பொருளளவில் எவ்வளவு நெருக்கம் என்பதை ஒரு மென்பொருளே அளந்தது. இந்த உரையை மேம்படுத்து என்பதுபோன்ற ஒரே பொதுவாக்கியத்தை எல்லா உரைகளுக்கும் விடையாகக் கொடுத்தாலே கணிசமான மதிப்பெண் வந்தது. விடையோடு சம்பந்தமே இல்லாத ஒரு ருமேனியச் சொல்லை ஒட்டவைத்தால் மதிப்பெண் மேலும் ஏறுகிறது என்பதைக்கூடச் சிலர் கண்டுபிடித்துப் பயன்படுத்தினார்கள். ஒற்றுமை இத்தனை விழுக்காடு என்று ஒரு கருவி சொல்லும்போது, அந்த எண் எதைச் சாப்பிட்டு வளர்ந்தது என்று கேட்க வேண்டியிருப்பதற்கு இது நல்ல சாட்சி.

இரண்டாம் வகையில் எளிமையானது 2023இல் வந்த டிஎன்ஏ-ஜிபிடி. அது உரையை நடுவில் வெட்டுகிறது. முதல் பாதியை மாதிரியிடம் கொடுத்து மீதியைப் பலமுறை எழுதவைக்கிறது. வந்த மீதிகளும் உண்மையான இரண்டாம் பாதியும் எத்தனை சொல்தொடர்களில் ஒத்துப்போகின்றன என்று எண்ணுகிறது. இங்கே முதல் பாதியே ப்ராம்ப்ட்டின் வேலையைப் பார்க்கிறது. மூல ப்ராம்ப்ட்டும் தெரிந்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். 2025இல் வந்த ஐபேட் என்ற ஆய்வு முழுச் சுற்றையும் இயந்திரமயமாக்கியது: ஒரு மாதிரி ப்ராம்ப்ட்டை ஊகிக்கிறது, வேறு மாதிரிகள் அந்த ப்ராம்ப்ட்டுக்கும் உரைக்கும் பொருத்தம் பார்த்துத் தீர்ப்புச் சொல்கின்றன. இப்படிச் செய்வதில் ஒரு நன்மை, தீர்ப்புக்கான காரணத்தை மனிதர் வாசித்துப் பார்க்க முடியும் என்பது. அந்தக் காரணம் எவ்வளவு கனமானது என்பதை வாசிப்பவர்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்வோம்

விளக்கத்துக்காக ஒரு உதாரணத்தை அமைத்துக்கொள்ளலாம். கல்லூரி முதலாண்டு வகுப்பில், 2015 சென்னை வெள்ளத்தின் காரணங்களையும் அதிலிருந்து கற்க வேண்டிய பாடங்களையும் பற்றி 600 சொற்களில் கட்டுரை கேட்கிறார்கள். ஒரு மாணவரின் கட்டுரை இப்படித் தொடங்குகிறது: "2015 வெள்ளம் வெறும் இயற்கைப் பேரிடர் அல்ல, திட்டமிடாத நகரமயமாக்கலின் விளைவும்கூட." அதன் பிறகு ஐந்து உபதலைப்புகள்: நீர்நிலை ஆக்கிரமிப்பு, சதுப்புநில அழிப்பு, வடிகால் குறைபாடு, ஏரி நிர்வாகம், காலநிலை மாற்றம். ஏரி நிர்வாகம் என்ற பகுதியில், செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் கூவத்தில் திறந்துவிடப்பட்டதாக ஒரு வரி. முடிச்சூரில் மாடியில் இரண்டு நாள் தவித்த கமலா என்ற மூதாட்டியின் கதை ஒரு பத்தி. கடைசியில் மூன்று பாடங்கள்.

முதல் வேலை ப்ராம்ப்ட். இந்த இடத்தில் ஆசிரியருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. கேள்வி அவருடையது, மாணவரின் உரையைப் பார்க்காமல் முன்பே எழுதப்பட்டது. இப்படி உரைக்கு வெளியிலிருந்து வரும் ப்ராம்ப்ட்டில் சுழல் இல்லை. அதிலிருந்து கிடைக்கும் ஒற்றுமைக்குத்தான் மதிப்பு அதிகம்.

அந்தக் கேள்வியை மட்டும் போட்டபோது வந்த விடைகளில் கமலாவும் இல்லை, ஐந்து உபதலைப்புகளும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். உடனே கை துறுதுறுக்கும். "உபதலைப்புகளோடு எழுது", "முடிச்சூர் மூதாட்டி ஒருவரின் அனுபவத்தைச் சேர்", "முடிவில் மூன்று பாடங்கள் கொடு" என்று ஒவ்வொன்றாகச் சேர்ப்போம். ஒவ்வொரு முறை சேர்க்கும்போதும் வருகிற விடை மாணவரின் கட்டுரையை நெருங்கும். நெருங்காமல் என்ன செய்யும்? மாணவர் சொந்தமாக எழுதியிருந்தாலும் இப்படித்தான் நெருங்கும். 600 சொல் கட்டுரைக்கு 300 சொல் ப்ராம்ப்ட் எழுதினால், திருக்குறள் உரையைக்கூட இயந்திரத்தை எழுதவைத்துவிடலாம். அதனால் பரிமேலழகர் இயந்திரம் ஆகிவிட மாட்டார்.

ஆகவே ஊகித்த ப்ராம்ப்ட்டுக்கு ஒரு கட்டுப்பாடு தேவை. ஒருவர் சோம்பலாகத் தட்டக்கூடிய அளவுக்கு அது சுருக்கமாக இருக்க வேண்டும்: கேள்வி, அளவு, வேண்டுமானால் உபதலைப்பு, அவ்வளவே. பிறகு ஒப்பிடும்போது ப்ராம்ப்ட்டில் போட்டவை எல்லாவற்றையும் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும். ப்ராம்ப்ட்டில் முடிச்சூர் என்று எழுதியிருந்தால் விடையில் முடிச்சூர் வந்தது சான்றாகாது. கழித்தபின் மிஞ்சுவது எதுவோ அதுதான் பேசத் தகுந்தது.

இரண்டாவது வேலை, மீண்டும் எழுதவைப்பது. ஒரே ப்ராம்ப்ட்டுக்கு மொழி மாதிரி பொதுவாக இரண்டு முறை ஒரே விடையைத் தராது. ஒவ்வொரு சொல்லையும் வாய்ப்புகளிடையே ஓரளவு சீட்டுக்குலுக்கித்தான் எடுக்கிறது. அதனால் ஒரு தடவை போட்டுப் பார்த்து ஒத்துப்போகிறது அல்லது போகவில்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை. பத்து இருபது முறையாவது எழுதவைக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரிகளிலும் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் புது உரையாடலாக இருப்பது அவசியம். மாணவரின் கட்டுரையை முதலில் ஒட்டி, இதை நீ எழுதினாயா என்று கேட்டுவிட்டு, அதே உரையாடலில் கேள்வியைப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அப்போது மாதிரியின் கண்முன்னே மாணவரின் கட்டுரை கிடக்கிறது. அதைப் பார்த்தே எழுதும். முந்தைய உரையாடல்களை நினைவில் வைக்கும் வசதி திறந்திருந்தாலும் இதே கேடு.

மூன்றாவது வேலை, விடைகளை விடைகளோடே ஒப்பிடுவது. இருபது விடைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று முதலில் தெரிய வேண்டும். மாணவரின் கட்டுரை அந்தக் கூட்டத்துக்குள் ஒன்றாக நிற்கிறதா, வெளியே நிற்கிறதா என்பது அதன் பிறகு வரும் கேள்வி.

எந்த ஒற்றுமைக்கு எவ்வளவு கனம்

நம் உதாரணத்தில் உள்ளடக்கம் நன்றாக ஒத்துப்போகும். ஆக்கிரமிப்பு, பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், வடிகால், செம்பரம்பாக்கம் ஆகியவை எல்லா விடைகளிலும் இருக்கும். ஆனால் 2015 டிசம்பருக்குப் பிறகு நாளிதழ் வாசித்த எவரும் இவற்றைத்தான் எழுதுவார்கள். கேள்வியே இந்த விடையைக் கட்டாயப்படுத்துகிறது. கட்டாயமாக வருவது ஒத்துப்போவதில் செய்தி எதுவும் இல்லை.

அமைப்புக்குக் கொஞ்சம் கனம் உண்டு. ஐந்து காரணங்களும் அதே வரிசையில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரே நீளத்தில், ஒவ்வொரு பத்தியின் கடைசி வரியும் பத்தியைச் சுருக்கிச் சொல்வதாக இருப்பது மாதிரிகளின் பழக்கம். பள்ளியில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று உபதலைப்பு போட்டு எழுதிப் பழகிய மாணவரின் பழக்கமும் அதுவே. முதல் வாக்கியமும் அப்படித்தான். 'வெறும் இது அல்ல; அதுவும்கூட' என்ற அமைப்பு இருபது விடைகளில் பன்னிரண்டில் வரலாம். மேடைப் பேச்சுப் போட்டிகளில் அதே அமைப்பைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அது இயல்பான தொடக்கம்.

சொல்தொடர் ஒற்றுமை இன்னும் கனமானது. ஏழெட்டுச் சொற்கள் ஒரே வரிசையில் வருவது தற்செயலாக நிகழ்வது குறைவு. அதிலும் 'திட்டமிடாத நகரமயமாக்கல்' போன்ற வழக்கமான தொடர்களைத் தள்ளிவிட்டு, வேறு விதமாகவும் சொல்லியிருக்கக்கூடிய இடங்களில் ஒரே விதமாகச் சொல்லியிருப்பதைத் தேட வேண்டும்.

எல்லாவற்றிலும் கனமானது தன்னிச்சையான தேர்வுகளில் வரும் ஒற்றுமை. கமலா என்ற பெயரைப் பாருங்கள். ப்ராம்ப்ட்டில் 'பாதிக்கப்பட்ட ஒருவரின் அனுபவத்தைச் சேர்' என்று மட்டும் இருந்து, இருபது விடைகளில் ஆறேழில் கமலா என்ற மூதாட்டியே மாடியில் நின்றால், அதைக் கேள்வி கட்டாயப்படுத்தவில்லை, உலக அறிவும் கட்டாயப்படுத்தவில்லை. மொழி மாதிரிகளுக்குக் கதை சொல்லும்போது சில பெயர்கள் மேல் ஒரு சாய்வு உண்டு. அந்தச் சாய்வு மாணவரின் தாளிலும் இருப்பதற்கு விளக்கம் தேவைப்படுகிறது. இல்லாத நூலை மேற்கோள் காட்டுவதும் இந்த வகைதான். அதே இல்லாத நூல், அதே இல்லாத ஆசிரியர், மீண்டும் எழுதவைத்த விடைகளிலும் வந்தால் அதைத் தற்செயல் என்று சொல்வது கடினம்.

ஒரே பிழையும் ஒரே மூலமும்

செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றுக்குப் போகிறது, கூவத்துக்கு அல்ல. மாணவரின் கட்டுரையில் இந்தப் பிழை இருக்கிறது. மீண்டும் எழுதவைத்த விடைகளில் ஐந்தில் அதே பிழை வந்தால் என்ன பொருள்?

சுவடிப் பதிப்பில் இந்தக் கேள்விக்குப் பழைய விடை ஒன்று உண்டு. இரண்டு ஏடுகளில் சரியான பாடம் ஒன்றாக இருப்பது அவற்றின் உறவைப் பற்றி எதுவும் சொல்லாது. மூலம் சரியாக இருந்தால் இருவரும் சரியாக எழுதியிருப்பார்கள். இரண்டிலும் ஒரே பிழை இருந்தால், ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டிருக்கலாம், அல்லது இரண்டும் பிழையுள்ள மூன்றாவது ஏட்டைப் பார்த்து எழுதப்பட்டிருக்கலாம். அந்தப் பிழை எழுதுகிற எவருக்கும் தானாக நேரக்கூடியதாக இருந்தால் அதுவும் கணக்கில் வராது. பாடபேதம் பார்ப்பவர் இந்த மூன்று வாய்ப்புகளையும் பிரித்தறியாமல் ஏடுகளின் வம்சாவளியைப் போட மாட்டார்.

நம் உதாரணத்திலும் மூன்றையும் பிரிக்க வேண்டும். கூவத்தையும் அடையாற்றையும் குழப்பிக்கொள்வது சென்னைக்காரர்களுக்கே நேரும். வகுப்பில் வேறு எத்தனை பேர் அப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தால் இந்த வாய்ப்பு எவ்வளவு பெரியது என்று தெரியும். மூன்றாவது ஏடு என்பது இங்கே ஒரு நோட்ஸ் புத்தகமாகவோ, இணையத்தில் பலமுறை நகலெடுக்கப்பட்ட ஒரு செய்திக் கட்டுரையாகவோ இருக்கலாம். மாணவரும் அதைப் படித்தார். மொழி மாதிரியும் தன் பயிற்சியில் அதைப் படித்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே ஒரே பிழையைச் செய்கிறார்கள்.

இந்தப் பொதுமூலச் சிக்கல் உச்சத்துக்குப் போகும் இடம் புகழ்பெற்ற உரைகள். அமெரிக்க அரசியல் சாசனத்தைக் கண்டறியும் கருவிகளில் போட்டால் இயந்திரம் எழுதியது என்று வருவது பலர் கவனித்த விஷயம். மாதிரி அதை மனப்பாடமாக வைத்திருப்பதால் ஒவ்வொரு சொல்லும் எதிர்பார்த்ததாகவே இருக்கிறது. இணையத்தில் நெடுங்காலமாக இருக்கும் ஒருவரின் கட்டுரையை இயந்திரம் கிட்டத்தட்ட அப்படியே திருப்பிச் சொன்னால், ஒற்றுமை இருப்பது உண்மை, திசைதான் தலைகீழ்.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய மற்றொரு கூட்டம்

இதுவரை சொன்னதில் ஒரு பாதிதான் இருக்கிறது. மாணவரின் கட்டுரை இயந்திர விடைகளை ஒத்திருக்கிறது என்பது ஒரு பாதி. இயந்திரத்தைத் தொடாத மாணவர்களின் கட்டுரைகள் அதே இயந்திர விடைகளை எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பது மறுபாதி. பெரும்பாலான குற்றச்சாட்டுகளில் இந்த மறுபாதியைத் தேடுவதே இல்லை.

தேடுவது கடினமும் இல்லை. சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பர் 30. அதற்கு முன் இதே கேள்விக்கு எழுதப்பட்ட பழைய தாள்கள் துறை அலமாரியில் இருந்தால், அவற்றை அதே முறையில், அதே ப்ராம்ப்ட்டோடு, அதே எண்ணிக்கையில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பழைய தாள்களில் சிலவும் இயந்திர விடைகளுக்கு இதே அளவு நெருக்கமாக இருந்தால், நெருக்கத்துக்குக் காரணம் கேள்வியும் பாடத்திட்டமும், மாணவர் அல்ல. ஒன்றுகூட நெருங்கவில்லை என்றால் ஒற்றுமைக்குக் கனம் கூடுகிறது. ப்ராம்ப்ட்டை ஊகிக்க வேண்டிய இடத்தில் இந்தச் சோதனை இன்னும் அவசியம்: பழைய தாள் ஒவ்வொன்றுக்கும் அதனதன் உரையிலிருந்து அதே கண்டிப்போடு ப்ராம்ப்ட் ஊகித்து, அதே சுற்றில் விட வேண்டும். மனிதர் எழுதியது என்று நிச்சயமாகத் தெரிந்த உரைகளும் தங்களிடமிருந்து ஊகித்த ப்ராம்ப்ட்டோடு நன்றாகப் பொருந்தினால், பொருத்தம் என்பதற்கு அந்த முறையில் அர்த்தமே இல்லை.

எண்களைப் போட்டுப் பார்த்தால் இது ஏன் முக்கியம் என்பது விளங்கும். ஒரு வகுப்பில் 60 பேர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 10 பேர் இயந்திரத்தைக் கொண்டு எழுதினார்கள். நம் சோதனை அந்தப் பத்தில் எட்டைப் பிடிக்கிறது. சொந்தமாக எழுதிய 50 பேரில் பத்தில் ஒருவர் வீதம், அதாவது 5 பேர், கேள்வி கட்டாயப்படுத்திய ஒற்றுமையால் மாட்டிக்கொள்கிறார்கள். மாட்டியவர்கள் மொத்தம் 13 பேர். அவர்களில் 5 பேர் குற்றமற்றவர்கள். நல்ல சோதனைபோல் தோன்றும் ஒன்றிலேயே மூன்றில் ஒருவருக்கு மேல் அநியாயம். இயந்திரத்தைப் பயன்படுத்தியவர்கள் இன்னும் குறைவாக இருந்தால் இந்த விகிதம் இன்னும் மோசமாகும். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் வெளியிட்ட கண்டறியும் கருவி, நிறுவனத்தின் சொந்தச் சோதனையில் இயந்திர உரைகளில் 26 விழுக்காட்டைத்தான் பிடித்தது, மனித உரைகளில் 9 விழுக்காட்டைத் தவறாகப் பிடித்தது. அதே ஆண்டு ஜூலையில் துல்லியம் போதாது என்று அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

ஒத்துப்போகாதது எதைக் காட்டுகிறது

ஒத்துப்போகவில்லை என்பதிலும் தீர்ப்பு இல்லை. மாணவர் பயன்படுத்தியது வேறு மாதிரியாக இருக்கலாம். அதே மாதிரியின் பழைய பதிப்பாக இருந்து, அது இன்று நிறுத்தப்பட்டிருக்கலாம். நிறுவனம் பின்னணியில் வைத்திருக்கும், பயனாளிக்குத் தெரியாத பொது ப்ராம்ப்ட் மாறியிருக்கலாம். ஒரே ப்ராம்ப்ட்டில் எழுதாமல், பத்து முறை பேசி, பத்தி பத்தியாக வாங்கியிருக்கலாம். அப்படி எழுதியதற்கு ஒற்றை ப்ராம்ப்ட் என்று ஒன்று இருக்கவே இருக்காது.

தமிழில் இன்னொரு வழியும் உண்டு. ஆங்கிலத்தில் ப்ராம்ப்ட் கொடுத்து, ஆங்கிலத்தில் விடை வாங்கி, மொழிபெயர்ப்பு மென்பொருளில் போட்டுத் தமிழாக்கியிருப்பார்கள். அப்போது தமிழில் ப்ராம்ப்ட் கொடுத்து வாங்கிய விடைகளோடு சொல்தொடர் ஒற்றுமை இருக்காது. ஒப்பிட வேண்டுமானால் சோதிப்பவரும் அதே சுற்றுவழியில் போக வேண்டும். மேலே சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கில உரைகளை வைத்து நடந்தவை என்பதையும் மறக்கக்கூடாது. அவற்றின் எண்களைத் தமிழ் உரைக்கு அப்படியே கொண்டுவர முடியாது.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. மாணவர் தன் கட்டுரையைத் தானே எழுதி, எழுத்துப்பிழை திருத்தவும் நடையைச் செம்மைப்படுத்தவும் மட்டும் இயந்திரத்திடம் கொடுத்திருக்கலாம். சொல்லடுக்கில் இயந்திரச் சாயல் முழுதாக இருக்கும்; கமலாவின் கதை அவருடைய பாட்டியின் கதையாகவே இருக்கும். கேள்வியைப் போட்டு வாங்கும் விடைகளில் கமலா வரமாட்டார், நடை மட்டும் ஒத்துப்போகும். இந்த வேறுபாட்டைப் பின்னோக்கிய முறை ஓரளவு காட்டித்தர முடியும் என்பது அதன் உண்மையான பலங்களில் ஒன்று. வியப்பை மட்டும் அளக்கும் கருவிக்கு இந்த இரண்டும் ஒன்றே.

என்ன எழுதலாம்

இவ்வளவையும் செய்தபின் விசாரணைக் குறிப்பில் ஒருவர் நேர்மையாக எழுதக்கூடிய வாக்கியம் சற்று நீளமானது. இந்தக் கேள்வியைச் சுருக்கமான ப்ராம்ப்ட்டாக இத்தனை முறை, இந்த மாதிரிகளில் போட்டோம். கேள்வி கட்டாயப்படுத்தாத இன்னின்ன இடங்களில் இந்த உரை அவ்விடைகளை ஒத்திருக்கிறது. 2022க்கு முந்தைய இத்தனை தாள்களில் அப்படிப்பட்ட ஒற்றுமை இத்தனையில் இருந்தது. இதைத் தாண்டி 'ஆகவே இயந்திரம் எழுதியது' என்ற முடிவு இந்த முறையிலிருந்து மட்டும் கிடைக்காது. அது கிடைக்க வேண்டுமானால் உரைக்கு வெளியே போக வேண்டும்: வரைவுகள், கோப்பின் திருத்த வரலாறு, மாணவரிடம் நேரில் பேசுவது. கமலாவை எங்கே சந்தித்தீர்கள் என்ற ஒரு கேள்வி, இருபது முறை எழுதவைத்ததைவிட அதிகம் சொல்லிவிடும். எழுதவைத்த வேலை, எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதைக் காட்டித்தந்தது.

யார் எழுதினார்கள் என்பதில் முடிவு வராதபோதும் இந்தச் சோதனையிலிருந்து ஆசிரியருக்கு நிச்சயமாகக் கிடைப்பது ஒன்று உண்டு. தன் கேள்விக்குச் சராசரி விடை எப்படியிருக்கும் என்பது இருபது பிரதிகளில் அவர் கையில் இருக்கிறது. பழைய தாள்களும் அதையே ஒத்திருந்தால், இயந்திரம் வருவதற்கு முன்பே அந்தக் கேள்வி மாணவரின் சிந்தனையைக் கேட்கவில்லை என்று அர்த்தம். வெள்ளத்தின் காரணங்களையும் பாடங்களையும் எழுது என்பதற்குப் பதிலாக, உங்கள் தெருவில் மழைநீர் எந்த வழியாக எந்த ஆற்றுக்குப் போகிறது, 2015இல் அது எங்கே தடைப்பட்டது என்று கேட்டால், விடைகள் ஒன்றையொன்று ஒத்திருக்க வேண்டிய கட்டாயம் போய்விடும். அப்போது இரண்டு உரைகள் ஒத்துப்போனால் அதற்கு உண்மையிலேயே ஒரு பொருள் இருக்கும்.